முதல் பொதுக்குழுவில் உங்கள் ஐந்து நிமிடம்: புதிய சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச்சங்கங்களுக்குப் புதிதாகத் தலைவராகத் தேர்வாகியிருப்பவர்களுக்கு,

வணக்கம். வாழ்த்துகள்.

முதல் பொதுக்குழுக் கூட்டத்துக்கான அறிவிப்பு இந்நேரம் எல்லா வீடுகளுக்கும் போயிருக்கும். நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரைக்கு அடுத்து ‘தலைவர் உரை’ என்று ஒரு வரி இருக்கும். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது. நான் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்றில் நெடுநாள் செயலாளராக இருந்தவன். மினிட் புத்தகம் என் கையில்தான் இருந்தது. தலைவர்கள் முதல் நாளில் சொன்ன சொற்கள் பிறகு எந்தெந்தக் கூட்டத்தில், எந்தெந்த விதத்தில் திரும்பி வந்தன என்பதை அருகிலிருந்து பார்த்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஐந்து நிமிடத்தில், நீங்களே நிறைவேற்ற முடியாத எதற்கும் வாக்குறுதி தராதீர்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் யார், சங்கத்தை எந்த நிலையில் பெற்றுக்கொண்டீர்கள், உங்கள் கையில் இருக்கும் அதிகாரம் எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உண்மையில் தெரியவேண்டியதும் இதுதான்.

அப்படிப்பட்ட வாக்குறுதி ஏன் கூடாது என்பதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அறுபது வீடுகள் கொண்ட ஒரு வளாகம். வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். ஆக மாத வரவு 1,50,000 ரூபாய். புதிய தலைவர் நல்லவர், உழைப்பாளி, எல்லோருக்கும் பிடித்தவர். முதல் பொதுக்குழுவில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, “இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் ஒரு ரூபாய்கூட உயராது” என்று சொன்னார். பலத்த கைதட்டல். அன்று மேடையில் இருந்த பொருளாளர் மட்டும் கைதட்டவில்லை.

பொருளாளரின் தலையில் ஓடிய கணக்கு இது. காவலர்களுக்கு 56,000 ரூபாய், துப்புரவுக்கு 28,000, பொது மின்கட்டணம் 24,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மாதக் கணக்கில் 8,000, தோட்டம், சில்லறைப் பழுதுகள், கணக்கெழுதுபவர் எல்லாம் சேர்த்து 16,000. மொத்தம் 1,32,000. சாதாரண மாதங்களில் 18,000 ரூபாய் மிஞ்சும். கோடையில் மூன்று மாதம் ஆழ்துளைக் கிணறு பாதிதான் கொடுக்கும். நாளுக்கு ஒரு தண்ணீர் லாரி வாங்கியாக வேண்டும். லாரிக்கு 1,800 ரூபாய் என்றால் மாதம் 54,000. அந்த மூன்று மாதமும் மாதத்துக்கு 36,000 ரூபாய் பற்றாக்குறை. ஒன்பது மாத மிச்சம் 1,62,000. மூன்று மாதப் பற்றாக்குறை 1,08,000. ஆண்டு முடிவில் கையில் நிற்பது வெறும் 54,000 ரூபாய். லிஃப்ட்டின் கம்பிவடம் மாற்றுவது, வெளிச்சுவர் வண்ணம், மோட்டார் பழுது எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்த இடைவெளி அவ்வளவுதான்.

சில மாதங்களில் காவலர் நிறுவனம் ஊதிய உயர்வைக் காட்டி மாதம் 9,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டது. நியாயமான கோரிக்கை, அந்தக் காவலர்களும் அதே விலைவாசியில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் ஆண்டுக்கு அது 1,08,000 ரூபாய். 54,000 மிச்சமாக இருந்த இடத்தில் அப்படியே 54,000 பற்றாக்குறை வந்து நின்றது. செய்ய முடிந்த ஒரே நேர்மையான காரியம் கட்டணத்தை உயர்த்துவது. அதைத்தான் தலைவர் மேடையில் நின்று பூட்டிவிட்டிருந்தார். அதனால் இரவுக் காவலில் ஒருவரைக் குறைத்தார்கள், லிஃப்ட் ஒப்பந்தப் பணத்தைத் தள்ளிப்போட்டார்கள், கடைசியில் கார்பஸ் வைப்புத்தொகையின் வட்டியை எடுத்துத் தண்ணீர் லாரிக்குக் கொடுத்தார்கள். அந்த வைப்புத்தொகை, கட்டடத்தின் பெரிய செலவுகளுக்காக வீட்டு உரிமையாளர்கள் ஆரம்பத்தில் கட்டிய பணம்.

அடுத்த கோடையில் சிறப்புப் பொதுக்குழு கூடியபோது ஓர் உறுப்பினர் எழுந்து, கட்டணம் உயராது என்பது பொதுக்குழுவின் முடிவு, அதை மீற முடியாது என்று வாதிட்டார். மினிட் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். தலைவர் உரையின் சாரமாக அந்த வரி இருந்தது. தீர்மான எண் இல்லை, முன்மொழிந்தவர் பெயர் இல்லை, வழிமொழிந்தவர் பெயர் இல்லை. எது தீர்மானம், எது வெறும் பேச்சு என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. விதிப்படி அந்த வாக்குறுதிக்கு எந்த வலுவும் இல்லை. மனிதர்களின் நினைவில் மட்டும் தீர்மானத்தைவிட வலுவாக இருந்தது. வீட்டுக்கு 250 ரூபாய் உயர்த்தினால், மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. பற்றாக்குறை போக 1,26,000 ரூபாய் மிஞ்சும் என்று கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகுதான் வாக்கெடுப்பில் உயர்வு நிறைவேறியது. முதல் நாளிலேயே அந்தக் கணக்கைப் படித்திருந்தால் யாரும் இவ்வளவு மனக்கசப்புக்கு ஆளாகியிருக்க வேண்டாம்.

ஆகவே, கூட்டத்துக்கு முன்பு பொருளாளரோடு ஒரு மாலை உட்காருங்கள். நான்கு தொகைகளை எழுதி வாங்குங்கள்: பொறுப்பேற்ற நாளில் வங்கிக் கணக்கில் இருந்த பணம், கார்பஸ் வைப்புத்தொகை, உறுப்பினர்கள் சங்கத்துக்குத் தரவேண்டிய நிலுவை, சங்கம் வெளியே தரவேண்டிய பில்கள். கடைசி இரண்டைக் கேட்காமல் முதல் இரண்டை மட்டும் கேட்டுத் திரும்பிவிடுபவர்கள்தான் அதிகம். வங்கியில் இரண்டு லட்சம் இருக்கிறதே என்று நினைப்போம். அதில் ஒரு லட்சம் அடுத்த வாரம் போகவேண்டிய மின்கட்டணமும் காவலர் சம்பளமுமாக இருக்கும். இந்த நான்கு தொகைகளும் உங்கள் அறிமுக உரையில் இடம்பெற வேண்டும். உங்கள் காலம் எங்கே தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று, முந்தைய செயற்குழுவைப் பற்றி மேடையில் ஒரு கடுஞ்சொல்கூட வேண்டாம். பண்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காசோலையில் கையெழுத்திடும் உரிமை தேர்தல் முடிந்த அன்றே உங்களுக்கு வந்துவிடாது. தீர்மான நகல், புதிய பொறுப்பாளர்களின் அடையாளச் சான்றுகள், கையெழுத்து மாதிரிகள் எல்லாம் வங்கிக்குப் போய், அவர்கள் பதிவை மாற்றும்வரை பழைய பொறுப்பாளர்களின் கையெழுத்துதான் செல்லும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் முன்னாள் பொருளாளரைக் குறைசொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காவலர் சம்பளக் காசோலையோடு அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கமாக இருந்தால் செயற்குழு மாறிய விவரத்தை அதற்குரிய படிவத்தில் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கும் பழைய ஆவணங்கள் தேவை. ஆவணங்கள் பழைய குழுவிடம்தான் இருக்கும்.

பொறுப்பு ஒப்படைப்பில் குறை இருந்தால் என்ன செய்வது? பட்டியலாகச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டவை இவை: மினிட் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, காசோலைப் புத்தகம், வைப்புத்தொகை ரசீதுகள், லிஃப்ட் ஒப்பந்தம். இன்னும் வரவேண்டியவை இவை: கட்டட அனுமதி வரைபட நகல், காப்பீட்டுப் பத்திரம். அவ்வளவு போதும். ஏன் வரவில்லை என்ற காரணத்தை நீங்கள் ஊகித்துச் சொல்ல வேண்டாம். இன்னும் வராத ஒன்று எங்கே இருக்கிறது என்று கூட்டத்திலேயே யாராவது எழுந்து சொல்வார்கள். கட்டுமான நிறுவனத்திடமிருந்து ஒருபோதும் வராத வரைபடத்துக்காக முந்தைய குழு எழுதிய கடிதங்களின் கோப்பு இப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. பகையாகப் பேசியிருந்தால் அந்தக் கோப்பு வெளியே வந்திருக்காது.

அடுத்து, உங்களைப் பற்றி. படிப்பு, பதவி, பெற்ற விருதுகள் இவற்றுக்கு இரண்டு வாக்கியம் போதும். உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது தெரியும். தேர்ந்தெடுக்காதவர்களை அது மாற்றாது. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. உங்கள் வீட்டுக்குக் கட்டண நிலுவை உண்டா? வளாகத்தில் உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்து வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? சங்கத்துக்கு வேலை செய்யும், அல்லது செய்யக்கூடிய, ஒப்பந்தக்காரர் யாராவது உங்கள் உறவினரா? சங்கத்தின் மீது நீங்கள் முன்பு போட்ட வழக்கோ புகாரோ நிலுவையில் இருக்கிறதா? இவற்றுக்கு நீங்களாகவே பதில் சொல்லிவிடுங்கள். கேட்டபின் சொல்லும் பதில் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் மறைத்து மாட்டிக்கொண்டதுபோல்தான் ஒலிக்கும். நிலுவை இருந்தால் கூட்டத்துக்கு முன்பே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். பல சங்கங்களின் விதிகளில் நிலுவை வைத்திருப்பவர் பொறுப்புக்கு வரவே முடியாது. உங்கள் விதிகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அதிகாரத்தின் எல்லையைச் சொல்வதுதான் மிகக் கடினம், ஏனென்றால் தலைவர் என்றால் எல்லாம் செய்ய முடியும் என்று மக்கள் நம்புகிறார்கள். நமக்கும் அது பிடித்திருக்கிறது. உடைந்த குழாயை மாற்றுவது, அதற்காக விதிகள் அனுமதிக்கும் அளவுக்குச் செலவு செய்வது, கூட்டங்களை நடத்துவது உங்களால் முடியும். ஒப்பந்தக்காரரை மாற்றுவது செயற்குழுவின் வேலை. கட்டணத்தை உயர்த்துவதும் கார்பஸ் நிதியைத் தொடுவதும் பொதுக்குழுவின் வேலை. விதிகளைத் திருத்துவதற்கு அதைவிடக் கடுமையான முறை உண்டு. சங்கத்துக்குச் சங்கம் இந்த எல்லைகள் மாறும். உங்கள் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த விதி எண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனி வீடுகளும் மனைகளும் கொண்ட நகர்ச் சங்கமாக இருந்தால் இன்னொரு எல்லையும் உண்டு. சாலை, தெருவிளக்கு, வடிகால் எல்லாம் மாநகராட்சியுடையவை அல்லது ஊராட்சியுடையவை. சங்கத் தலைவர் மனு கொடுக்கலாம், தொடர்ந்து போய்க் கேட்கலாம். சாலை போட்டுத் தர முடியாது. இதை முதல் நாளில் தெளிவாகச் சொன்ன தலைவரை மழைக்காலத்தில் யாரும் வாசலில் வந்து திட்டுவதில்லை.

வாடகைக்கு இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான சங்கங்களில் உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைதாரருக்கு வாக்கு இல்லை. ஆனால் தண்ணீர் நின்றால் அவர் வீட்டிலும்தான் நிற்கிறது. “வாக்கு இல்லாவிட்டாலும் உங்கள் புகார் அதே புகார்ப் புத்தகத்தில், அதே வரிசையில் பதியப்படும்” என்று ஒரு வாக்கியம் சொன்னால், கூடத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் வந்து உட்காருவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் உரை எப்படி இருக்கும்? அந்த அறுபது வீட்டு வளாகத்தையே வைத்து எழுதிக் காட்டுகிறேன். உங்கள் பெயரையும் தொகைகளையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

“அனைவருக்கும் வணக்கம். நான் பி பிளாக்கில் இரண்டாம் தளத்தில் குடியிருக்கிறேன். சொந்த வீடு. பணி ஓய்வு பெற்றவன் என்பதால் பகலில் பெரும்பாலும் இங்கேயே இருப்பேன். என் வீட்டுக்குக் கட்டண நிலுவை இல்லை. என் மைத்துனர் மின்பழுது ஒப்பந்தத் தொழில் செய்கிறார். அவரிடம் நான் விலைப்புள்ளி கேட்க மாட்டேன். வேறு வழியாக அவருடைய விலைப்புள்ளி செயற்குழுவுக்கு வந்தால் அந்த விவாதத்திலும் முடிவிலும் நான் கலந்துகொள்ள மாட்டேன்.

“தேர்தலில் என்னோடு போட்டியிட்டவர் மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளைத் தூர்வார வேண்டும் என்று பேசினார். அது சரியான கருத்து. அதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் விவாதத்துக்கு வைக்கிறேன், அவரையும் அழைக்கிறேன்.

“நாங்கள் பொறுப்பேற்ற நாளில் வங்கியில் 2,10,000 ரூபாய் இருந்தது. கார்பஸ் வைப்புத்தொகை 9,00,000 ரூபாய். உறுப்பினர்கள் தரவேண்டிய நிலுவை 1,35,000 ரூபாய். நாம் கொடுக்கவேண்டிய பில்கள் 88,000 ரூபாய். இந்தத் தாள் இன்று மாலை அறிவிப்புப் பலகையில் இருக்கும். நிலுவை வைத்திருப்பவர்களின் பெயர்களை இங்கே படிக்க மாட்டேன். பொருளாளர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார்.

“கட்டணத்தை உயர்த்துவதும் உயர்த்தாமல் விடுவதும் என் முடிவு இல்லை, உங்கள் முடிவு. மூன்று மாத வரவு செலவைப் பார்த்துவிட்டு, கோடைக்கு முன்னால் கணக்கோடு உங்களிடம் வருவோம். பணத்தை யாரும் என்னிடம் ரொக்கமாகத் தர வேண்டாம். காசோலைகளில் எப்போதும் இருவர் கையெழுத்து இருக்கும்.

“புகார்களை அலுவலகத்தில் உள்ள புத்தகத்தில் எழுதுங்கள். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டாலோ, தீ, தண்ணீர்க் கசிவு, மின்கோளாறு என்றாலோ எந்த நேரமும் என்னை அழையுங்கள். மற்றவற்றுக்கு மாலை ஆறு முதல் எட்டு வரை. காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் செயலாளர் வழியாகவே வேலை சொல்லுங்கள். அறுபது வீட்டார் ஆளுக்கொன்று சொன்னால் அவர்களால் எதையும் செய்து முடிக்க முடியாது. இப்போது உங்கள் கேள்விகள்.”

மெதுவாகப் படித்தாலும் இது ஐந்து நிமிடத்துக்குள் முடியும். இதில் வரும் வாக்குறுதிகள் எல்லாம் தலைவர் தாமே நிறைவேற்றக்கூடியவை: ஒரு தாளை ஒட்டுவது, ஒரு பொருளை விவாதத்துக்கு வைப்பது, ஒரு விவாதத்திலிருந்து விலகி நிற்பது, தொலைபேசியை எடுப்பது. யாருடைய வாக்கையும் எதிர்பார்க்கத் தேவையில்லாத வாக்குறுதிகளைத் தாராளமாகத் தாருங்கள். போட்டியிட்டுத் தோற்றவரின் ஒரு கருத்தை, அதுவும் உண்மையிலேயே நல்ல கருத்தாகப் பார்த்து, அது அவருடையது என்று சொல்லியே எடுத்துக்கொண்டதையும் கவனித்திருப்பீர்கள். “எல்லோரும் ஒன்றாகச் செயல்படுவோம்” என்ற பொது வாசகத்தை அவருக்கு வாக்களித்தவர்கள் யாரும் நம்புவதில்லை. குழிகளைத் தூர்வாருவது பற்றிய ஒரு வரியை நம்புவார்கள்.

உரையைத் தொடங்குவதற்கு முன் குறைவெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். ஆள் சேரும்வரை பொழுதுபோக்காகத் தலைவர் பேசட்டும் என்று விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்படிப் பேசினால், யாருக்குத் தெரியவேண்டுமோ அவர்கள் படியேறி வரும்போது நீங்கள் நன்றி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பேசி முடித்ததும் கேள்விகள் வரும். முதல் கேள்வி அநேகமாக வாகனம் நிறுத்துமிடம் பற்றியதாக இருக்கும். அதில் ஏற்கெனவே இரண்டு கட்சிகள் இருக்கும். மேடையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரின் விற்பனைப் பத்திரத்திலும் ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் யாருக்கு எந்த இடம் என்று தலைவர் சொல்வது, உரிமை பற்றிய வழக்குக்கு விதை போடுவது. கேள்வியையும் கேட்டவர் பெயரையும் வீட்டு எண்ணையும் செயலாளரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பதில் தரும் தேதியை அங்கேயே அறிவியுங்கள். அந்தத் தேதியில் பதில் தயாராக இல்லாவிட்டாலும், எது வரை பார்த்திருக்கிறீர்கள், எந்த ஆவணம் இன்னும் வரவேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்; கேட்டவர் அலுவலகத்துக்கு நடந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
ஒரு முன்னாள் சங்கச் செயலாளர்